இரண்டு கடிகாரங்கள், ஒரு மோட்டார் சைக்கிள் பெட்டி: குவார்ட்ஸ் கடிகாரத்தின் ஓட்டத்தை வெப்பம் மாற்றிய ஒரு நிகழ்வின் ஆய்வு

பினாங்கு ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியா பகுதியில் நான் கடிகாரம் பழுதுபார்க்கும் கடைக்கு, அண்ணன் தம்பி இருவர் ஒரே மாதிரியான இரண்டு கைக்கடிகாரங்களுடன் வந்தனர். நான்கு மாதங்களுக்கு முன் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே வகையாகப் பார்த்து வாங்கியவை அவை. முதல் மாதம் இரண்டும் ஒன்றாகவே ஓடின. அம்மாத முடிவில் இருவரும் கைப்பேசியைப் பார்த்து நேரத்தைச் சரியாக வைத்துக்கொண்டனர். அதன்பின் மூன்று மாதங்களில் அண்ணனின் கடிகாரம் 15 வினாடி முந்தியிருக்க, தம்பியின் கடிகாரம் 6 வினாடி பிந்தியிருந்தது. “அண்ணே, எனக்கு வந்தது மட்டும் கோளாறான கடிகாரம்போல இருக்கு, பேட்டரி மாத்தினா சரியாகுமா?” என்பது தம்பியின் கேள்வி.

பேட்டரி மாற்றிப் பயனில்லை என்பதை அளக்கும் முன்பே சொல்லிவிடலாம். பேட்டரி தளர்ந்த குவார்ட்ஸ் கடிகாரம் மாதத்துக்கு ஓரிரு வினாடி என்று மெல்லப் பிந்துவதில்லை. முள் நகராமல் நின்றுவிடும், அல்லது அந்த வசதி உள்ள இயந்திரமாக இருந்தால் வினாடி முள் பல வினாடிகளை ஒரே தாவலில் தாண்டி எச்சரிக்கும். ஆயினும் திறந்து பார்த்தேன், மின்னழுத்தம் 1.55 வோல்ட், புதிய வெள்ளி ஆக்சைடு பேட்டரிக்கு உரிய அளவே இருந்தது. காந்தமும் இதற்குக் காரணமாகத் தோன்றவில்லை. கைப்பை மூடியிலோ ஒலிபெருக்கியிலோ உள்ள காந்தம் அருகில் வந்தால் உள்ளிருக்கும் சிறு மோட்டார் தன் அடியைத் தவறவிடும். அவ்வாறு தவறும்போது இழப்பு முழு வினாடிகளாகவும் நிமிடங்களாகவும் திடீரென நேரும். நாள்தோறும் சீராகக் கால் வினாடி, அரை வினாடி என்று சேராது.

கடையில் இரண்டையும் சோதனைக் கருவியில் வைத்தபோது புதிர் இன்னும் கூடியது. அண்ணனுடையது நாளுக்கு 0.24 வினாடி முந்தியது, தம்பியுடையது 0.26 வினாடி முந்தியது. அதாவது, பிந்துகிறது என்று கொண்டுவந்த கடிகாரம் என் மேசையில் மாதத்துக்கு ஏறத்தாழ 8 வினாடி முந்தி ஓடியது.

இந்த எண்களை நான் முதல் முயற்சியில் பெறவில்லை என்பதையும் எழுதியாக வேண்டும், ஏனெனில் இந்தத் தவறு இத்தொழிலில் அடிக்கடி நேர்வது. அவசரத்தில் கருவியின் அளவு நேரத்தைப் பத்து வினாடியிலேயே விட்டுவிட்டேன். தம்பியின் கடிகாரம் நாளுக்கு 1.9 வினாடி முந்துவதாகக் கருவி ஐந்து முறை காட்டியது. ஆறாவது முறை நாளுக்கு 7.9 வினாடி பிந்துவதாகக் காட்டியது. மீண்டும் ஐந்து முறை 1.9. கருவிதான் பழுதாகிவிட்டதோ என்று ஒரு கணம் எண்ணினேன். ஆனால் அந்த ஆறு எண்களையும் கூட்டி ஆறால் வகுத்தால் ஏறத்தாழ 0.26 வருகிறது. அது ஏன் என்பதில்தான் குவார்ட்ஸ் கடிகாரத்தின் துல்லியத்துக்கான பாதி விடை இருக்கிறது.

உள்ளே அதிர்வது என்ன

கடிகாரத்துக்குள் ஒரு சிறு உலோகக் குப்பி இருக்கிறது. அதன் நீளம் சில மில்லிமீட்டர், காற்று அகற்றப்பட்டது. அதனுள் பள்ளி ஆய்வகத்து இசைக்கவையைப் போன்ற இரு கிளைகள் கொண்ட குவார்ட்ஸ் படிகம் ஒன்று உள்ளது. குவார்ட்ஸை வளைத்தால் அதன் முகங்களில் மின்னழுத்தம் பிறக்கும், மின்னழுத்தம் கொடுத்தால் அது வளையும். ஆகவே ஒரு சிறு மின்சுற்று அதனைத் தொடர்ந்து தட்டிக்கொடுத்து வினாடிக்கு 32,768 முறை அதிரச் செய்கிறது. இரண்டைப் பதினைந்து முறை பெருக்கினால் கிடைக்கும் எண் அது. பதினைந்து முறை பாதியாக்கினால் வினாடிக்கு ஒரு துடிப்பு எஞ்சும், அந்தத் துடிப்பே மோட்டாரை ஓர் அடி நகர்த்துகிறது.

இயந்திரக் கடிகாரத்தின் சமன்சக்கரம் வினாடிக்கு நான்கு முறை ஊசலாடுகிறது. ஒவ்வோர் ஊசலிலும் எண்ணெயின் பிசுக்கும் காற்றின் தடையும் கை அசைவும் அதனைச் சற்றே தடம் மாற்றுகின்றன. படிகத்துக்கோ தேயும் அச்சும் இல்லை, எண்ணெயும் இல்லை. தட்டிக்கொடுப்பதை நிறுத்தினாலும் பல்லாயிரம் முறை அதிர்ந்த பிறகே ஓயும் அளவுக்கு அதன் ஆற்றல் இழப்பு சிறியது. அவ்வளவு குறைவாக இழக்கும் பொருளைத் தொடர்ந்து அதிரவைக்கக் கொடுக்க வேண்டிய தட்டும் மிகச் சிறியது. ஆகவே மின்சுற்றின் குறைபாடுகளால் அதன் இயல்பான அதிர்வெண்ணை அதிகம் மாற்ற முடியாது. அந்த அதிர்வெண்ணைத் தீர்மானிப்பவை கிளையின் நீளமும் தடிமனும் குவார்ட்ஸின் விறைப்புமே.

இங்கே ஓர் அளவையை மனத்தில் கொள்வது பின்வரும் கணக்கை எளிதாக்கும். அதிர்வெண் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மாறினால் கடிகாரம் நாளுக்கு 0.0864 வினாடி, முப்பது நாளுக்கு 2.6 வினாடி மாறும். மாதத்துக்கு 15 வினாடிக்குள் என்று உறுதியளிக்கப்படும் சாதாரண இயந்திரம் ஒன்று பத்து லட்சத்தில் ஆறு பங்குக்குள் நிற்கிறது என்று பொருள்.

எந்தப் படிகமும் செய்யப்படும்போதே அவ்வளவு துல்லியமாக அமைவதில்லை. எனவே இன்றைய பல இயந்திரங்களில் படிகத்தை வேண்டுமென்றே சற்று வேகமாக அதிரும்படி செய்து, மின்னணுச் சில்லில் ஓர் எண்ணை எழுதிவிடுகிறார்கள். சில்லு நிமிடத்துக்கு ஒரு முறை அந்த எண்ணிக்கையளவு அதிர்வுகளைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடும். ஓர் அதிர்வை விட்டால் நிமிடத்தில் 32,768இல் ஒரு பங்கு வினாடி கழியும். அது மாதத்துக்கு 1.3 வினாடி. தம்பியின் கடிகாரத்தில் படிகம் நாளுக்கு 1.9 வினாடி முந்தும் வேகத்தில் அதிர்கிறது, நிமிடத்துக்கு 37 அதிர்வுகள் கழிக்கப்படுகின்றன. பத்து வினாடி வீதம் அளந்தால் ஐந்து அளவீடுகளில் கழிக்கப்படாத வேகமும், ஆறாவதில் நிமிடத்துக்கான கழிவு முழுவதும் ஒரே இடத்தில் குவிந்தும் தெரியும். இத்தகைய கடிகாரத்தை அறுபது வினாடிக்குக் குறைவாக அளப்பவர் நல்ல கடிகாரத்தைக் கெட்டது என்று முடிவு கட்டிவிடுவார்.

ஷிப்ட் மாறியபோது

இரண்டும் நல்ல கடிகாரங்களே என்றான பின், அவை எங்கே, எப்படி இருந்தன என்று கேட்பதே மிஞ்சிய வழி. அண்ணன் குளிக்கும் நேரம் தவிர எப்போதும் கையிலேயே கட்டியிருப்பவர், உறங்கும்போதும் கழற்றுவதில்லை. தம்பி பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் வேலை செய்பவர். தூய்மை அறைக்குள் கடிகாரம் கட்டிச் செல்லக் கூடாது என்பதால், வேலைக்குப் போகும்போது அதைக் கழற்றி மோட்டார் சைக்கிளின் இருக்கைக்கு அடியிலுள்ள பெட்டியில் வைத்துப் பூட்டுவது அவர் வழக்கம். வாங்கிய முதல் மாதம் அவருக்கு இரவு ஷிப்ட். அடுத்த மூன்று மாதங்களும் பகல் ஷிப்ட், காலை ஏழு முதல் மாலை ஏழு வரை. மோட்டார் நிறுத்துமிடத்துக்குக் கூரை இல்லை.

இதைக் கேட்டதும் காரணம் எனக்குப் புலப்பட்டது. எனினும் ஊகத்தை அளவாக்க வேண்டியிருந்தது. மருந்துக் குளிர்பெட்டிகளில் வைக்கும் சிறிய வெப்பப் பதிவுக் கருவி ஒன்றை இரவல் வாங்கி, கடிகாரம் இருக்கும் பெட்டியிலேயே போட்டு வைக்கச் சொன்னேன்.

குவார்ட்ஸின் விறைப்பு வெப்பத்துக்கேற்ப மாறுவது. அந்த மாற்றம் படிகத்தின் எல்லாத் திசைகளிலும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஆகவே படிகத்தை எந்தக் கோணத்தில் வெட்டுகிறோம் என்பதைக் கொண்டு, குறிப்பிட்ட ஒரு வெப்பநிலையில் கூட்டும் விளைவும் குறைக்கும் விளைவும் ஒன்றையொன்று ஈடுசெய்யும்படி அமைக்க முடிகிறது. கடிகாரக் கவைகளில் அந்த வெப்பநிலை 25 பாகை செல்சியஸை ஒட்டி வைக்கப்படுகிறது. அங்கே அதிர்வெண் உச்சத்தில் இருக்கும். அதிலிருந்து எந்தப் பக்கம் விலகினாலும் குறையும். வெயிலில் முந்தும், குளிரில் பிந்தும் என்றோ, அதன் மறுதலையாகவோ பலர் எண்ணுவதுண்டு. உண்மையில் வெயிலிலும் பிந்தும், குளிரிலும் பிந்தும்; வரைபடத்தில் இது கவிழ்ந்த பரவளையமாக வரும். இழப்பின் அளவு, 25இலிருந்து விலகிய பாகையை அதனாலேயே பெருக்கி, அதனை 0.035ஆல் பெருக்கினால் வருவது; விடை பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று கிடைக்கும்.

ஐந்து பாகை விலகினால் ஒரு பங்குக்கும் குறைவான இழப்பு. மாதத்துக்கு இரண்டேகால் வினாடி. பினாங்கில் மேசைமேல் கிடக்கும் கடிகாரம் ஆண்டு முழுவதும் பெரும்பாலும் இந்த அளவை ஒட்டியே இருக்கும். கையில் கட்டியிருப்பதும் இதே நன்மையைச் செய்கிறது: குளிரூட்டிய அறையில் இருந்தாலும் வெளியே நடந்தாலும் உடற்சூடு கடிகாரத்தை 30 பாகையை ஒட்டியே பிடித்து வைக்கிறது. உறங்கும்போதும் கழற்றாத அண்ணன், தாம் அறியாமலே, தம் கடிகாரத்தைச் சீரான வெப்பத்தில் வைத்திருந்தார். ஆனால் விலகல் ஐந்திலிருந்து இருபத்தைந்தாக, அதாவது ஐந்து மடங்காக, ஆகும்போது இழப்பு இருபத்தைந்து மடங்காகிறது. 50 பாகையில் வெப்பத்தால் மட்டும் கடிகாரம் நாளுக்கு 1.9 வினாடி இழக்கும் வேகத்தில் ஓடும்.

வெயில் நன்றாக அடித்த ஒரு நாளின் பதிவு இது: காலை ஏழு மணிக்குப் பெட்டியில் 27 பாகை, ஒன்பதுக்கு 33, பதினொன்றுக்கு 43, பிற்பகல் ஒன்றுக்கும் இரண்டுக்கும் 50, நான்குக்கு 44, ஆறுக்கு 36. பன்னிரண்டு மணி நேரத்தின் சராசரி 40 பாகைக்குச் சற்று மேல். இங்கே சராசரி வெப்பநிலையை மட்டும் எடுத்துக் கணக்கிடுவது பிழையாகும். அப்படிச் செய்தால் 8.3 பங்கு இழப்பு வரும். மணிக்கு மணி விலகலைத் தனித்தனியே பெருக்கிப் பின் சராசரி எடுத்தால் 10.3 பங்கு வரும். வெப்பம் சீராக இராமல் ஏறி இறங்குவதே தனி இழப்பு ஒன்றைச் சேர்க்கிறது, ஏனென்றால் நண்பகலின் இரண்டு மணி நேரம் விளைவிக்கும் இழப்பைக் காலையின் இதமான இரண்டு மணி நேரம் ஈடுகட்டுவதில்லை.

10.3 பங்கு என்பது பன்னிரண்டு மணி நேரத்துக்கு 0.45 வினாடி. வேலை முடிந்து கையில் கட்டியிருக்கும் மீதிப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு 0.04 வினாடி சேர்க்க, வேலை நாள் ஒன்றில் மொத்த இழப்பு 0.49 வினாடி. கடிகாரத்தின் சொந்த முந்தல் 0.26 வினாடி. கழித்தால் நாளுக்கு ஏறத்தாழ கால் வினாடி பிந்தல் வருகிறது. தம்பி அந்த மூன்று மாதங்களில் 66 நாள் வேலைக்குப் போனார், 24 நாள் வீட்டிலிருந்தார். எல்லாவற்றையும் கூட்டினால் 10 வினாடி பிந்தியிருக்க வேண்டும். நடந்தது 6 வினாடி. அண்ணனின் கடிகாரத்துக்கு இதே முறையில் கணக்கிட்டால் 15 வினாடி முந்தல் வருகிறது, நடந்ததும் அதுவே.

தம்பியின் கணக்கில் மிஞ்சிய நான்கு வினாடிக்கு மழையே காரணம் என்பது என் முடிவு. பதிவில் பிற்பகல் மழை பெய்த நாள்களில் பெட்டி 38 பாகையைத் தாண்டவில்லை. அத்தகைய நாளின் இழப்பு வெயில் நாளின் இழப்பில் பாதிகூட இராது. நானோ எல்லா நாளையும் வெயில் நாளாகக் கொண்டு கணக்கிட்டிருந்தேன்.

குளிர்பெட்டியும் சூட்டுப் பெட்டியும்

கணக்கு பொருந்துவது மட்டும் போதாது. வேறு காரணம் ஒன்றும் தற்செயலாக அதே எண்ணைத் தரக்கூடும். வெப்பம்தான் காரணம் என்றால் குளிரிலும் இதே கடிகாரம் பிந்த வேண்டும். ஆகவே 25இலிருந்து இரு பக்கமும் 21 பாகை தள்ளி, 4 பாகையிலும் 46 பாகையிலும் சோதித்தேன். நீராவி படியாமல் இருக்க, ஈரமுறிஞ்சும் பொட்டலத்துடன் நெகிழிப் பையில் இறுக மூடி, வீட்டுக் குளிர்பெட்டியின் நடுத்தட்டில் ஒரு நாள் வைத்தேன். வெளியே எடுத்த பிறகும் அறை வெப்பத்துக்கு வரும்வரை பையைத் திறக்கவில்லை. மற்றொரு நாள், சிறு மின்விளக்கு எரியும் மரப்பெட்டியில் 46 பாகையில் வைத்தேன். ஒவ்வொரு சோதனையின் முன்னும் பின்னும், கைப்பேசியில் வரும் ஜிபிஎஸ் நேரத்தையும் வினாடி முள் தாவும் கணத்தையும் ஒரே காணொளியில் பிடித்துச் சட்டம் சட்டமாக ஒப்பிட்டேன். வினாடிக்கு முப்பது சட்டம் என்பதால் நூற்றில் மூன்று வினாடி வரை பிரித்தறிய முடியும்.

குளிரில் நாளுக்கு 1.0 வினாடி பிந்தியது, சூட்டில் 1.15 வினாடி பிந்தியது. இரு பக்கமும் பிந்தியது பரவளையத்தின் தெளிவான அடையாளம். இரண்டு எண்ணும் முற்றிலும் சமமாக இல்லாதது, இந்தப் படிகத்தின் உச்சம் சரியாக 25இல் இராமல் 24.5 பாகை அளவில் இருப்பதைக் காட்டுகிறது. படிகத்துக்குப் படிகம் உச்சம் சில பாகை வேறுபடுவது இயல்பு. அரைப் பாகை வேறுபாடு மேலே கண்ட இழப்புக் கணக்கை இருபதில் ஒரு பங்கே மாற்றும். மழை நாள்களின் விளைவோடு ஒப்பிட்டால் அது சிறியது.

செய்ததும் செய்யாததும்

தம்பி கேட்டுக்கொண்டது, கடிகாரத்தைச் சற்று வேகமாக்கித் தர வேண்டும் என்பது. மறுத்தேன். இந்த இயந்திரத்தில் கழிவு எண் ஆலையில் எழுதப்பட்டது என்பதால் எளிதில் மாற்ற இயலாது. மாற்ற முடிந்தாலும் மாற்றியிருக்க மாட்டேன். பகல் ஷிப்டுக்குப் பொருத்தமாக வேகம் கூட்டினால், இரவு ஷிப்ட் வரும் மாதத்தில் அதே கடிகாரம் அளவுக்கு மீறி முந்தும். இரவில் அந்தப் பெட்டி 25, 26 பாகையில் இருக்கிறது. படிகத்துக்கு அதைவிட உகந்த இடம் இல்லை. முதல் மாதம் இரண்டு கடிகாரங்களும் ஒன்றாக ஓடியதற்குக் காரணமும் அதுவே.

வெப்பம் மாறினாலும் மாறாத கடிகாரம் வேண்டுமென்றால் வேறு வகை இயந்திரம் இருக்கிறது. அதில் சில்லு அவ்வப்போது வெப்பநிலையை அளந்து, அதற்கேற்பக் கழிக்க வேண்டிய அதிர்வுகளின் எண்ணிக்கையை மாற்றிக்கொண்டே இருக்கும். ஆண்டுக்குப் பத்து வினாடிக்குள் நிற்பதாக உறுதியளிக்கப்படும் கடிகாரங்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. விலை பல மடங்கு. தம்பியின் தேவைக்கு அது அவசியமில்லை என்றே கருதினேன்.

தொழிற்சாலைக்குள் தூய்மை அறைக்கு முன்பாகத் தொழிலாளர் பொருள் வைக்கும் லாக்கர்கள் குளிரூட்டிய நடைவழியில் இருக்கின்றன. அங்கே ஏறத்தாழ 23 பாகை. கடிகாரத்தை இனி அங்கே வைக்கச் சொன்னேன். நேரத்துக்காக மட்டுமன்றி, நாள்தோறும் 50 பாகை வரை ஏறி இறங்கும் இடத்தில் நீர்புகாமல் காக்கும் ரப்பர் வளையமும் பேட்டரியும் விரைவில் முதுமையடையும் என்பதற்காகவும் இதைச் சொன்னேன். படிகமும் முதல் ஆண்டில் தானாகவே ஓரிரு பங்கு நகரக்கூடும். எனவே இப்போது நான் எழுதித் தந்த 0.26 என்ற எண்ணை என்றென்றைக்கும் உரியதாகக் கொள்ள வேண்டாம் என்றும் கூறினேன்.

லாக்கரிலும் கையிலுமாக மாறி மாறி இருக்கும் கடிகாரம் மாதத்துக்கு ஆறரை வினாடி முந்த வேண்டும் என்றும், அண்ணனுடையது ஐந்து வினாடி முந்த வேண்டும் என்றும் ஒரு தாளில் எழுதி இருவரிடமும் கொடுத்திருந்தேன். பகல் ஷிப்டிலேயே மேலும் முப்பது நாள் கழித்து அவர்கள் திரும்பி வந்தபோது, தம்பியின் கடிகாரம் ஆறு வினாடியும் அண்ணனுடையது ஐந்து வினாடியும் முந்தியிருந்தன.